கைத்திறனும் கைமுதலும்

பயிற்சிக்கு இடும் பொருளை முதலீடாகக் கருதும் எண்ணம் புதியதன்று. 1776 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் ஆதம் சுமித், பெருஞ்செலவில் பயிற்சி பெற்ற மனிதனை விலையுயர்ந்த எந்திரத்திற்கு ஒப்பிட்டார். எந்திரம் தேயுமுன் தன் விலையையும் உரிய ஆதாயத்தையும் ஈட்டித் தரவேண்டும். பயிற்சியும் அவ்வாறே என்பது அவர் கருத்து. இவ்வுவமையில் தேய்மானத்தையே நாம் பெரிதும் மறந்துவிடுகின்றோம்.

வணிகவியல் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் கடையொன்றில் மாதம் 12,000 ரூபாய் ஊதியத்தில் கணக்கெழுதுகின்றார் எனக் கொள்வோம். வேலையை விட்டு நான்கு திங்கள் கணினிக் கணக்கியலும் வரிப் படிவம் தாக்கல் செய்தலும் பயில விழைகின்றார். கட்டணம் 40,000 ரூபாய். செலவு அவ்வளவே என்று பலர் எண்ணுவர். இழக்கும் ஊதியம் 48,000 ரூபாயும் சேர, உண்மைச் செலவு 88,000 ஆகின்றது.

இத்தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வீதம் பெருகுமாயின் (வட்டியை விலக்குவோர் வாடகை, வணிகப் பங்கு எனக் கொள்க) பத்தாண்டில் ஏறத்தாழ 1,73,000 ரூபாயாகும். ஊதியமாக வரும் பணத்தில் பெரும்பகுதி உணவிலும் உடையிலும் கரையுமே என்பது மெய். எனினும் ஒப்பீட்டிற்காக முழுவதும் சேமித்ததாகவே கொள்வோம். பயிற்சியால் வரும் கூடுதல் ஊதியமும் அவ்வாறே பெருகினால், மாதம் ஏறத்தாழ 1,050 ரூபாய் மிகுதியாகக் கிடைப்பின் இரண்டும் சமமாகும். ஆயின் அம்மிகுதி மூன்றாண்டே நிலைக்குமெனில் மாதம் 2,800 ரூபாய் வேண்டும்.

ஆகவே, எவ்வளவு கிடைக்கும் என்பதினும் எத்துணைக் காலம் கிடைக்கும் என்பதே முதல் வினா. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பழைய விற்பனை வரிப் படிவங்களை நிரப்ப மட்டுமே அறிந்தோர் மீண்டும் பயில நேர்ந்தது. பற்று வரவின் அடிப்படையை அறிந்தோர்க்கோ அவ்வறிவு வீணாகவில்லை. படிவம் மாறும், பேரேடு எளிதில் மாறாது.

மற்றொரு பிழையும் உண்டு. பயிலாது அக்கடையிலேயே இருந்திருப்பினும் அனுபவத்தால் ஊதியம் சிறிது உயர்ந்திருக்கும். அவ்வுயர்வைக் கழித்தே பயிற்சியின் பயனை அளத்தல் வேண்டும். பயின்றோர் இருவரில் ஒருவருக்கே அவ்வேலை வாய்க்குமெனில், மேற்கண்ட தொகை இருமடங்காகும். இதனை அறியப் பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாள் உதவாது. சென்ற ஆண்டு பயின்று வெளியேறிய நால்வரைத் தேடி, இன்று என்ன பெறுகின்றனர் என வினவுதலே தக்கது.

இளைஞர் வேலையை விடாது மாலை வகுப்பில் அதே பாடத்தைப் பயில இயலுமாயின் கணக்கே வேறாகும். செலவு கட்டணமாகிய 40,000 மட்டுமே. மூன்றாண்டுக் கணக்கிலும் மாதம் ஏறத்தாழ 1,270 ரூபாய் மிகுந்தாற் போதும்.