பரங்கிமலைக் கருங்கல்

சென்னை மாநகரின் கோபாலபுரம் போன்ற பகுதிகளில், பழைய வீடுகளின் வாயிற்படியையும் கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லையும் அம்மியையும் நோக்குங்கள். அவை பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. அவ்வகைக் கருங்கல், நகருக்குத் தென்மேற்கே நிற்கும் பரங்கிமலையிலும் பல்லாவரத்துக் குன்றுகளிலும் மிகுதியாகக் கிடைக்கின்றது. மாறாத உறுதிக்கு உவமையாக நாம் கல்லைச் சொல்கின்றோம். ஆனால் கல்லும் மாறும். அது பிறக்கும்; புதையும்; உருத்திரியும்; மேலெழும்; தேய்ந்து மணலாகும்; மீண்டும் கல்லாகும். இம்மாற்றத்தைப் பாறைச் சுழற்சி என்பர் நிலநூலார். அதனை விளக்கப் பரங்கிமலைக் கருங்கல் ஒன்றே போதும்.

இக்கல்லுக்கு அறிஞர் உலகில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தா நகரில் ஆங்கிலேயர் வாணிகத்தை நிலைநாட்டியவர் ஜோப் சார்னோக் என்பவர். அவருடைய கல்லறை அந்நகரத்துப் புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு என்பவர் அக்கல்லறையின் கல்லை ஆராய்ந்தார். அது வங்க நாட்டுக் கல்லன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லை ஒத்தது என்று கண்டார். 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கின் பெயரையே சூட்டினார். சேர்வராயன் மலையிலும் நீலகிரியிலும் இவ்வகைப் பாறையே பரந்து கிடக்கின்றது.

பாறைகள் மூவகைப்படும். பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகி உண்டாவது தீப்பாறை. மணலும் சேறும் படிந்து இறுகி உண்டாவது படிவுப்பாறை. இவ்விரண்டுள் ஒன்று, உருகாமலே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறு பாறையாய் மாறினால் அஃது உருமாறிய பாறை. உருகாமல் மாறுவது எங்ஙனம் எனின், செங்கற்சூளையை நினைவு கூருங்கள். பச்சைக்கல் சூளையில் உருகி ஓடுவதில்லை. எனினும் வெளிவரும்போது அது களிமண்ணாகவும் இருப்பதில்லை.

பரங்கிமலைக் கல் இம்மூன்றனுள் எவ்வகையைச் சேர்ந்தது? இவ்வினா அறிஞரிடையே நெடுங்காலம் வழக்காக நின்றது. ஹாலண்டு அதனைத் தீப்பாறை என்றே கொண்டார். பின் வந்தோருள் பலர், ஆழத்தில் புதையுண்டு உருமாறிய பாறை என்றனர். கருநாடகத்தில் கப்பல் என்னும் ஊரில் ஒரு பாறை உண்டு. அங்கே வெளிறிய வரிப்பாறையின் நடுவே, கறை படிந்தாற்போலக் கருமையான சார்னோக்கைட் திட்டுத் திட்டாகக் காணப்படுகின்றது. பழைய பாறையின் வரிகள் அத்திட்டுகளை நெருங்குந்தோறும் மங்கி மறைகின்றன. உருகிய குழம்பு புகுந்திருப்பின் அவ்வரிகள் அறுபட்டிருக்கும், மங்கியிரா. எனவே அங்கே ஒரு பாறை இருந்தவிடத்திலேயே சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்தது என்பது புலனாகின்றது. 1960ஆம் ஆண்டளவில் நிலவியல் அறிஞர் பிச்சமுத்து இதனை உலகிற்கு எடுத்துரைத்தார். குழம்பிலிருந்து நேரே உண்டான சார்னோக்கைட்டும் சிலவிடங்களில் உண்டு. பல்லாவரத்துக் கல்லின் பெரும்பகுதியோ, முன்பு தீப்பாறையாய்ப் பிறந்து பின்னர் உருமாறியது என்பதே இன்று பலரும் கொள்ளும் கருத்து.

அம்மாற்றம் எத்துணை ஆழத்தில் நிகழ்ந்தது? இக்கல்லில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் உள்ளது. இதன் உடலில் நீர் சிறிதும் இல்லை. நீரைக் கொண்ட கனிமங்கள் கடும் வெப்பத்தில் தம் நீரை இழந்து இத்தகைய கனிமமாக மாறுகின்றன. அதற்கு ஏறத்தாழ 700 முதல் 800 பாகை வரை வெப்பம் வேண்டும். நிலத்தினுள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் 25 முதல் 30 பாகை வரை உயர்கின்றது. இக்கணக்குப்படி 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் 750 பாகையை எட்டும். அங்கே மேலுள்ள பாறைச் சுமையும் பெரிது. ஒரு கன மீட்டர் பாறையின் நிறை சற்றேறக்குறைய 2.7 டன். ஆதலின் 25 கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 67,500 டன் சுமை அழுந்தும். நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி மடிந்து தடித்தபோது, மேலிருந்த பாறைகள் இவ்வாழத்திற்கு அமிழ்ந்தன.

இது நிகழ்ந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆயின. இதனை அறிவிப்பது பாறையிலுள்ள சிர்க்கான் என்னும் நுண்மணி. அது தன்னுள் சிறிது யுரேனியத்தை அடக்கியுள்ளது. யுரேனியம் மாறாத வேகத்தில் சிறிது சிறிதாக ஈயமாக மாறுகின்றது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டு மணியின் வயதைக் கணிக்கின்றனர்.

இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் உருவான கல், நாம் ஏறி நிற்கும் குன்றாக எங்ஙனம் ஆயிற்று? நிறையச் சரக்கேற்றிய தோணி நீரில் ஆழ அமிழ்ந்திருக்கும். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினால் தோணி மெல்ல மேலெழும். நிலத்தின் மேலோடும் அத்தகையதே. மலையின் மேற்பகுதியை மழையும் காற்றும் ஆறும் அரித்துச் செல்லச் செல்லச் சுமை குறைகின்றது. அடிப்பகுதி மேலே எழும்புகின்றது. எழும்பியது மீண்டும் அரிக்கப்படுகின்றது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் பழமொழி. அதனை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 25 கிலோமீட்டர் என்பது இரண்டரைக் கோடி மில்லிமீட்டர். அதனை 250 கோடி ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், நூறு ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே போதும் என்று விடை வரும். ஆனால் தேய்வு எக்காலத்தும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. இதற்குச் சான்று திருப்பெரும்புதூரில் உள்ளது. அங்கே காணப்படும் களிப்பாறை அடுக்குகள் பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவை இப்பகுதியின் பழைய கடினப் பாறைகளின் மேலே படிந்துள்ளன. சேறு நிலத்தின் மேற்பரப்பிலேதான் படியும். ஆகவே அச்சேறு படிந்த காலத்திலேயே பழைய பாறைகள் மேலே வெளிப்பட்டிருத்தல் வேண்டும். 25 கிலோமீட்டர்த் தேய்வின் மிகப் பெரும்பகுதி அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. சராசரி கூறும் செய்தியை ஓர் அடுக்கு திருத்துகின்றது, பாருங்கள்.

இனிக் கல் மண்ணாகும் முறையைக் காண்போம். கருங்கல்லைப் புதிதாக உடைத்தால் உள்ளே எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை மினுக்குத் தோன்றும். நெடுநாள் வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் புறமோ பழுப்பு நிறத் தோலால் மூடப்பட்டிருக்கும். ஹைப்பர்ஸ்தீனிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்த நிறம் அது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. அது ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைத் தாக்கிக் களிமண்ணாக்குகின்றது. குவார்ட்சு என்னும் கனிமத்தை மட்டும் அஃது எளிதில் வெல்ல இயலாது. களிமண் கரைந்து செல்ல, குவார்ட்சு மணி மணியாக உதிர்கின்றது. அதுவே மணல்.

அம்மணலையும் களியையும் ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. கடலோட்டம் மணலைக் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்த்துகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, நகர்ந்து வந்த மணல் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. மெரினாக் கடற்கரை அகன்றது அதனாலேயே. கோபாலபுரத்தில் கிணறு தோண்டுவோரும் முதலில் காண்பது கடலும் ஆறும் கொணர்ந்த மணலும் களிமண்ணுமே.

இப்படிவுகள் மேலும் மேலும் புதையுண்டால், மேற்சுமை அவற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சுண்ணமும் மணற்சத்தும் இரும்பும் மணிகளின் இடையே படிந்து சாந்து போலப் பிணைக்கும். மணல் மணற்கல்லாகும், சேறு களிப்பாறையாகும். திருப்பெரும்புதூர்க் களிப்பாறையைத் தகடு தகடாகப் பிளந்தால், பண்டைச் செடிகளின் இலைப் பதிவுகளைக் காணலாம். உருகிய குழம்பிலோ, 750 பாகை வெப்பத்திலோ ஓர் இலை தப்பியிராது. ஒரு பாறையில் இலையின் பதிவு உள்ளதெனில், அது படிவுப்பாறை என்று துணியலாம்.

எஞ்சியது உருகுதல். அதனை நம் நாட்டிலேயே, அந்தமானுக்குக் கிழக்கேயுள்ள பேரன் தீவில் காணலாம். நெடுநாள் உறங்கியிருந்த அவ்வெரிமலை 1991ஆம் ஆண்டில் மீண்டும் குமுறியது. அதன் பின்னரும் பன்முறை வெடித்துள்ளது. வங்கக் கடலின் அடித்தளம் அத்தீவுகளின் கீழே சரிந்து ஆழத்துள் அமிழ்கின்றது. அத்தளத்தின் மேற்படிந்த சேற்றின் ஒரு பகுதியும் உடன் செல்கின்றது. அவை கொண்டு செல்லும் நீர் ஆழத்தில் வெளிப்பட்டு, மேலுள்ள சூடான பாறையில் கலக்கின்றது. நீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையினும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகிய குழம்பு மேலே பொங்கிக் குளிர்ந்து புதிய தீப்பாறை ஆகின்றது. சார்னோக்கைட் நீரற்ற பாறை என்றோம். அது கடும் வெப்பத்திலும் உருகாமல் நின்றதற்கு அவ்வறட்சியே ஒரு காரணம்.

பாறைச் சுழற்சி என்னும் சொல்லைக் கொண்டு, எல்லாக் கற்களும் செக்குமாடு போல ஒரே தடத்தில் சுற்றுகின்றன என்று கருதலாகாது. தீப்பாறை படிவாகாமலே ஆழத்தில் உருமாறலாம். பரங்கிமலைக் கல் அங்ஙனம் மாறியது. படிவுப்பாறை உருமாறாமலே மேலெழுந்து மீண்டும் மணலாகலாம். திருப்பெரும்புதூர்க் களிப்பாறை இன்று அந்நிலையில் தேய்ந்து வருகின்றது. எவ்வழியிற் சென்றாலும், பொருள் அழிவதில்லை, உருவமே மாறுகின்றது.

பயிற்சி

1. பரங்கிமலைக் கல் மிகுந்த ஆழத்தில் உருமாறியது என்பதை அக்கல்லே எங்ஙனம் அறிவிக்கின்றது?
2. நூறு ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்னும் கணக்கு, நடந்ததை முழுதும் காட்டாது என்பதற்குரிய சான்று யாது?
3. மழைநீர் கருங்கல்லை மணலும் களிமண்ணுமாகப் பிரிக்கும் முறையை விளக்குக.
4. உங்கள் ஊரில் கிடைக்கும் கல் ஒன்றை எடுத்து, அதன் புறத்தோலையும் உடைத்த உட்பகுதியையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.