பல் அறுவைக்குப் பிறகு மவுத்வாஷ்: குடிக்கவும் கூடாது, பேஸ்ட்டோடு சேர்க்கவும் கூடாது

கடைவாய்ப் பல்லை அறுவை செய்து எடுத்துக்கொண்ட ஒரு பெரியவர் வீட்டுக்குச் சில நாள் கழித்து நலம் விசாரிக்கப் போயிருந்தோம். மேசையில் மாத்திரைகளோடு ஒரு பாட்டிலும் மூடியளவும் இருந்தன. சீட்டில் ‘10 மி.லி., காலை, இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. இருமல் மருந்தைப் போல அதை அளந்து இரண்டு வேளை குடித்திருக்கிறார். மூன்றாவது வேளை மகள் பார்த்து, “அத்தா, இது கொப்பளிக்கிற மருந்து” என்று கையைப் பிடித்திருக்கிறார். பெரியவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. நிறமும் மூடியும் மருந்துக் கடை சிரப்பைப் போலவேதான் இருக்கின்றன.

அது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. நம் கடைகளில் பெரும்பாலும் 0.2 சதவீதக் கரைசலாகக் கிடைக்கிறது. குடலில் இது மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், தவறி ஒரு வாய் உள்ளே போனால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் குமட்டலும் வயிற்று எரிச்சலுமே வரும். கொஞ்சம் தண்ணீரோ பாலோ குடித்தால் போதும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குழந்தை குடித்துவிட்டாலோ, அதிகமாகக் குடித்துவிட்டாலோ பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில பாட்டில்களில் ஆல்கஹாலும் இருப்பதால் குழந்தைகள் விஷயத்தில் தாமதிக்கக் கூடாது. துப்பத் தெரியாத பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

குடிப்பதை நிறுத்திய பிறகும் பெரியவருக்கு அந்த மருந்தால் முழுப் பயன் கிடைக்கவில்லை. காரணம் பேஸ்ட். காலையில் பல் துலக்குவார், வாயில் நுரை வாசனை போகுமுன்னே மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளிப்பார், கசக்கிறதென்று தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு டீ குடிப்பார். குளோர்ஹெக்சிடினின் துகள்கள் நேர்மின்னூட்டம் உள்ளவை. அதனால்தான் அவை பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல மெல்ல வேலை செய்கின்றன. பேஸ்ட்டை நுரைக்க வைக்கும் சோப்புச் சரக்கோ எதிர்மின்னூட்டம் உள்ளது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ஈறில் ஒட்ட மருந்து மிச்சமிருக்காது. மிச்சத்தையும் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும்.

அவருக்குப் பல் எடுத்தது திங்கட்கிழமை காலை 11 மணிக்கு. அன்று முழுவதும் கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது. பல் இருந்த குழியில் உறைந்த இரத்தமே புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து கடும் வலி எடுக்கும். ஒளு செய்யும்போதும் வாயில் தண்ணீரைச் சுழற்றாமல் மெதுவாக வைத்து வழிய விட வேண்டும். செவ்வாய் பகல் 11 மணிக்கு 24 மணி நேரம் முடிகிறது. ஆகவே முதல் வேளை செவ்வாய் இரவு.

அதன் பிறகு மகள் வகுத்துக் கொடுத்த முறை நமக்கு நன்றாகவே பட்டது. ஃபஜ்ர் தொழுத பின் 6 மணிக்கு, புண் பக்கத்தைத் தொடாமல் பல் துலக்கல். 7.30க்குப் பசியாறலும் டீயும். சோற்றுத்துணுக்கு தங்காமல் வெறும் தண்ணீரால் மெதுவாக அலசிவிட்டு, 8.30க்கு மவுத்வாஷ். லுஹருக்கு ஒளு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. இரவில் சாப்பாடும் இஷாவும் முடித்து 8.30க்குத் துலக்கினால், 10.30க்குப் படுக்கும் முன் மவுத்வாஷ். இரண்டு மணி இடைவெளி முடியாத நாளில், வாயை நன்றாக அலசிவிட்டு அரை மணியாவது பொறுக்க வேண்டும். மவுத்வாஷுக்குப் பின் அரை மணிக்குத் தண்ணீரும் உணவும் வேண்டாம். நோன்பு நாளில் இரண்டு வேளையும் இஃப்தாருக்கும் சஹர் முடிவுக்கும் இடையே வருமாறு பல் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

10 மி.லி.யை வாயில் வைத்துத் தலையைச் சற்றே குனிந்து, ஒரு நிமிடம் இடமும் வலமும் மெல்லச் சாய்க்க வேண்டும். அண்ணாந்து தொண்டையில் களகளவென்று கொப்பளித்தால்தான் உள்ளே இறங்கும். பிறகு தொட்டியின் மேல் வாயைத் திறந்து தானாக விழ விட வேண்டும். விசையாகத் துப்பினால் குழியில் உள்ள உறைவு பெயரும்.

சில நாளில் பல்லில் பழுப்பு படியலாம், நாக்கில் ருசி மாறலாம். டீயும் காபியும் கறையைக் கூட்டும். ருசி திரும்பிவிடும், கறையைப் பல் மருத்துவர் சுத்தம் செய்துவிடுவார். ஒரு வாரம் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் நாளில் வலி குறையாமல் ஏறி, காது வரை இழுத்து, துர்நாற்றமும் இருந்தால் மவுத்வாஷைக் கூட்டாமல் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். மிக அரிதாகச் சிலருக்கு இம்மருந்தே ஒவ்வாது. உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸ், 108.

அந்த வீட்டில் இப்போது பாட்டில் மாத்திரை மேசையில் இல்லை. கழுவு தொட்டிக்கு மேலே, சிறுவர் கை எட்டாத தட்டில், ‘குடிக்காதே’ என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.