பித்தப்பை போன பிறகு மீன்குழம்பு

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் மீன் இல்லாத மதியச் சாப்பாடு அபூர்வம். அங்கே வசிக்கும், ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவர் லேப்பராஸ்கோபியில் பித்தப்பையை அகற்றிக்கொண்டார். வீடு திரும்பும் நாளில் அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி: "சார், மீன்குழம்பு எப்ப சாப்பிடலாம்?"

"குழம்பு சாப்பிடலாம்மா. எண்ணெய் மிதக்கிற குழம்புதான் இப்போதைக்கு வேண்டாம்."

பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே 1987-இல் இந்தச் சிறுதுளை முறையில் பித்தப்பையை எடுத்தார். மும்பையில் டாக்டர் உத்வாடியா 1990-இல் அதைச் செய்தார். அதன் பிறகு, சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் நோயாளிகள் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். என்ன சாப்பிடுவது என்ற பொறுப்பும் சீக்கிரமே வீட்டு அடுப்பங்கரைக்கு வந்துவிடுகிறது.

அந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு பத்தியம் சொன்னார்கள். "அண்ணி, இனிமே எண்ணெயே கூடாது" என்றார் நாத்தனார். பக்கத்து வீட்டுக்காரர் புளியையும் கத்திரிக்காயையும் தள்ளச் சொன்னார். பித்தப்பை இல்லாததற்கும் புளிக்கும் சம்பந்தம் இல்லை. எண்ணெய்க்குச் சம்பந்தம் உண்டு, ஆனால் நாத்தனார் நினைத்த மாதிரி இல்லை.

கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லி வரை பிடித்து வைத்து, கெட்டியாக்கி, சிறுகுடலுக்குக் கொழுப்பு வந்ததும் பிழிந்து அனுப்பும். பை போனாலும் சுரப்பது நிற்பதில்லை. இரவும் பகலும் நீர்த்த பித்தநீர் குடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கொஞ்சமாக வரும் கொழுப்பு நன்றாகவே செரிக்கும். ஒரே வேளையில் மொத்தமாக இறங்கினால்தான் ஈடுகொடுக்க முடியாது. எனவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட ஒரு வேளைக்கு எவ்வளவு கொழுப்பு என்பதே முக்கியம்.

முதல் சில நாட்கள் கஞ்சி, ரசம் சாதம், இட்லி, மோர். இட்லியில் கொழுப்பு இல்லை என்று நம்பித் தேங்காய்ச் சட்னியை அள்ளிப் போட்டால் கணக்கு மாறிவிடும்: 30 கிராம் தேங்காயில் ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு. அவர் கொத்தமல்லித் துவையலுக்கு மாறினார்.

பிறகு குழம்பு. எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, கரண்டியால் அளந்தார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 14 கிராம் கொழுப்பு. நாலு பேருக்கான சட்டியில் இரண்டு கரண்டி என்றால் ஒருவர் பங்குக்கு 7 கிராம்தான். புதுச்சேரி வடகத்தைத் தாளிக்க அதுவே போதும். குபேர் அங்காடியில் முதலில் கிழங்கான் வாங்கினார். கொழுப்பு குறைவு, முள்ளை எடுத்துவிட்டால் மெத்தென்று இருக்கும். எண்ணெய்ச்சத்து மிகுந்த மத்தியைப் பிறகு, ஒன்றிரண்டு மீனாகச் சேர்த்துக்கொண்டார். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு அதற்கும் பிறகு.

புதிதாக ஒரு கொழுப்புப் பண்டம் சேர்த்தால் அன்று அது ஒன்றுதான், அதுவும் வழக்கமான அளவில் பாதி. மறுநாள் வரை தொந்தரவு இல்லாவிட்டால்தான் அடுத்தது. அவர் கண்டுபிடித்த நல்ல வழி இது: வறுத்த மீன் வேண்டுமென்றால் அன்றைக்குக் குழம்பை ரசமாக மாற்றிவிடுவார், அப்பளத்தைத் தள்ளிவைப்பார். எதையும் நிரந்தரமாக விலக்க வேண்டியிருக்கவில்லை.

கொழுப்பை அடியோடு நிறுத்துவதும் தவறு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்கக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியும் பொரித்த கோழியும் சேர்ந்தபோது வயிறு உப்பி, மலம் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன், தண்ணீரில் மிதந்தது. செரிக்காத கொழுப்பின் அடையாளம் இது. அடுத்த வேளைகளில் எண்ணெயைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீராக, எரிச்சலோடு, சாப்பிட்டதும் ஓட வைக்கும் பேதி வேறு வகை. பெருங்குடலுக்குள் பித்த அமிலம் போய்விடுவதால் வருவது. இதற்கு எண்ணெயைக் குறைத்தால் மட்டும் எப்போதும் போதாது. ஓட்ஸ், வாழைப்பழம், இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து சிலருக்கு உதவும்; கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பித்த அமிலத்தைக் கட்டிப்பிடிக்கும் கொலஸ்டிரமின் என்ற மருந்து இருக்கிறது. கூச்சப்பட்டுப் பலர் இதைச் சொல்லாமலே காலம் தள்ளுவதுதான் வருத்தம்.

காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளுப்பது ஆகியவை சாப்பாட்டால் வருபவை அல்ல. பித்தநீர் கசிந்திருக்கலாம், அல்லது பித்தக்குழாயில் கல் தங்கியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.