மணிக்கட்டு திரும்பினால் முன்கை ஒடுங்குகிறதா?

பிளெண்டரில் ஒரு சுரங்கத் தொழிலாளி பாத்திரம் செய்கிறேன். அவர் வால்வைத் திருப்பும்போது மணிக்கட்டு, மிட்டாய்த் தாளை முறுக்கியதுபோல் ஒடுங்கிவிடுகிறது. என்ன செய்வது?
— வாசகர், நெய்வேலி

உங்கள் முன்கையைப் பிடித்தபடி உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். முழங்கை அருகே தோல் அவ்வளவாக அசையாது. மணிக்கட்டை நெருங்க நெருங்கக் கூடவே திரும்பும். உங்கள் பாத்திரத்தில் மொத்தத் திருப்பமும் மணிக்கட்டிலேயே விழுகிறது. அங்குள்ள புள்ளிகள் முன்கை, கை ஆகிய இரண்டு எலும்புகளுக்கும் சராசரியாக நிற்பதால், 180 டிகிரியில் தடிமன் பூஜ்யமாகிவிடுகிறது.

முன்கை எலும்பை நகலெடுத்து, மணிக்கட்டுப் பக்கத்துப் பாதிக்குச் சுருக்கி, முன்கைக்கே பிள்ளையாக்குங்கள். இதுதான் முறுக்கெலும்பு. கை எலும்பும் நேரே முன்கைக்கே பிள்ளையாக இருக்கட்டும். முறுக்கெலும்பின் கீழ் போட்டால் ஒன்றையொன்று துரத்திப் பிழை காட்டும். அடுத்து முறுக்கெலும்பில் Copy Rotation சேர்த்து, கை எலும்பை இலக்காக்கி, Y அச்சை மட்டும் வையுங்கள். இரண்டு பக்கமும் Local Space, Influence 0.5. முன்கையின் கீழ்ப்பாதி எடையை முறுக்கெலும்புக்கு மாற்றுங்கள்; நடுவில் படிப்படியாகக் கலக்க வேண்டும், சட்டென வெட்டினால் அங்கே ஒரு மடிப்பு விழும்.

இப்போது 180 டிகிரி இரண்டு 90-ஆகப் பிரிகிறது. மோசமான இடத்திலும் சுமார் 70 சதவீதத் தடிமன் நிற்கும். தொடக்க நிலையிலேயே கட்டைவிரல் மேல்நோக்கி இருந்தால், எந்தப் பக்கமும் 90-க்கு மேல் திருப்ப வேண்டியிராது. தடிமனும் 90 சதவீதத்தைத் தாண்டும்.