வீடியோ எடிட்டருக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

வெளியூர் மொத்தக் கொள்முதல்காரர்கள் இப்பொழுதெல்லாம் விலை கேட்பதற்கு முன்பே, "சரக்கை வீடியோவில் அனுப்புங்கள்" என்று கேட்கிறார்கள். எனவே நம் உறுப்பினர்கள் பலரும் கடையையும் கிடங்கையும் போனில் படம் பிடித்து, கூலிக்குச் செய்து தரும் எடிட்டர் ஒருவரிடம் கொடுக்கிறார்கள். அந்த எடிட்டர் பெரும்பாலும் வேறு ஊரில் தம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர். நம் சரக்கை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நம் வாடிக்கையாளர் யார் என்பதும் அவருக்குத் தெரியாது. மண்டிக்கு எழுதும்போது "அரிசி அனுப்பவும்" என்று நாம் எழுதுவதில்லை. ரகம், மூட்டை, விலை, லாரி வாடகை யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். ஆனால் வீடியோவுக்கு மட்டும் "நல்லா பண்ணிக் கொடுங்க தம்பி" என்று ஒரு வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிறோம். எடிட்டருக்கு எழுத வேண்டிய குறிப்பைப் பற்றி, ஆரம்பாக்கம் பக்கத்தில் நடந்த ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

நம் உறுப்பினர் ஒருவர் பழவேற்காடு ஏரியின் களி நண்டை உயிரோடு வாங்கி, ரகம் பிரித்து மொத்தமாக அனுப்புகிறவர். ஏரிக்கரையிலும் கிடங்கிலுமாகச் சுமார் 40 நிமிடப் படம் எடுத்து, சென்னையில் இருக்கும் எடிட்டர் ஒருவருக்கு அனுப்பினார். வந்த வீடியோ ஒரு நிமிடம். கண்ணைப் பறிக்கும்படி இருந்தது. பூநாரைக் கூட்டம் பறந்தது, புகழ்பெற்ற சினிமாப் பாட்டு முழங்கியது, கடைப் பெயர் சுழன்று வந்தது. ஒரு நொடிக்கு ஒரு காட்சி என்ற கணக்கில் படம் ஓடியது. அதைப் பார்த்த கொள்முதல்காரர் கேட்டது ஒரே கேள்வி: "நண்டு கெட்டியா, தண்ணியா?"

நண்டு வியாபாரத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறோம். நண்டு ஓடு கழற்றிய புதிதில் உள்ளே சதை குறைந்து தண்ணீர் மிகுந்திருக்கும். தராசில் எடை நிற்கும், சட்டியில் சதை இராது. ஆகையால் வாங்குகிறவர் நண்டைத் திருப்பி, அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உள்ளே அமுங்கினால் தண்ணீர் நண்டு, அமுங்காவிட்டால் கெட்டி நண்டு. அந்த அழுத்தும் காட்சி எடுத்த படத்தில் நன்றாகவே இருந்தது. எடிட்டர் அதை அரை நொடி மட்டும் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்லவும் இயலாது. நண்டைக் கையில் பிடித்திருக்கும் காட்சி என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அதன்பின் ஏழு முறை திருத்தம் போயிற்று. எடிட்டர் கூடுதல் பணம் கேட்க, மனக்கசப்பில் முடிந்தது.

மறுபடி வேறொரு எடிட்டரிடம் கொடுக்கும்போது, நாங்கள் நால்வர் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தோம். அதன் முதல் வரி இது: "மொத்தமாக நண்டு வாங்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் இதைப் பார்த்து, சரக்கு கெட்டி, ரகம் சரி, உயிரோடு வந்து சேரும் என்று நம்ப வேண்டும்." யார் பார்க்கப் போகிறார், எதில் பார்ப்பார், பார்த்தபின் என்ன நினைக்க வேண்டும் என்ற மூன்றும் அந்த ஒரே வரியில் வந்துவிடுகின்றன. போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பார்கள் என்பதால் படம் நெட்டு வடிவில், அதாவது 9:16 அளவில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. டி.வி. போல அகல வடிவம், அதாவது 16:9 வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். செய்து முடித்தபின் வடிவம் மாற்றுவது ஏறக்குறைய புது வேலை.

அடுத்தது வேகம். "வேகமாக", "நிதானமாக" என்ற சொற்களுக்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. நொடிக்கணக்கில் எழுதினால் சண்டை இல்லை. மொத்தம் 60 நொடி. படகிலிருந்து கூடை இறங்குவது 6 நொடி. ரகம் பிரிப்பது 10 நொடி. மூன்று நண்டுகளை அழுத்திக் காட்டுவது, ஒன்றுக்கு 4 நொடியாக 12 நொடி. கொடுக்கைக் கயிற்றால் கட்டுவது 8 நொடி. தராசு முள்ளோ எண்ணோ அசைவு நின்று தெளிவாகத் தெரிய 6 நொடி. ஈரச் சாக்குப் போட்டுப் பெட்டியில் அடுக்குவது 10 நொடி. கடைப் பெயரும் போன் நம்பரும் 8 நொடி. கூட்டிப் பார்த்தால் சரியாக 60 வரும். அழுத்தும் காட்சிக்கு எதிரே "நடுவில் வெட்டக் கூடாது, விரல் வைப்பதிலிருந்து எடுப்பது வரை முழுதாக வேண்டும்" என்றும், ஏன் என்பதற்கு மேலே சொன்ன தண்ணீர் நண்டு விவரத்தை இரண்டு வரியிலும் எழுதினோம். காரணம் தெரிந்த எடிட்டர் நாம் சொல்லாத இடத்திலும் சரியாகச் செய்வார்.

ஒவ்வொரு காட்சிக்கும் எந்தப் படத் துண்டு என்ற எண்ணையும் எழுதுங்கள். 40 நிமிடத்தையும் அவர் தலையில் கொட்டி "பார்த்துப் போடுங்கள்" என்றால், அழகான காட்சியைத்தான் எடுப்பார். நமக்கு வேண்டிய காட்சியை அல்ல. துண்டுகளை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கித் தெளிவைக் கெடுத்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பலாம், அல்லது பென் டிரைவில் கொடுக்கலாம்.

பேச்சு வைப்பதானால், எழுதிய வாசகத்தைக் கடிகாரம் பார்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாங்கள் படித்ததில் 60 நொடிக்கு 80 சொல்லுக்கு மேல் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. ஏரிக்காற்றில் பதிந்த குரல் எதற்கும் உதவாது. கதவைச் சாத்திய அறையில் தனியாகப் பதிந்து கொடுங்கள்.

மாதிரி காட்டுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "வில்லேஜ் குக்கிங் சேனல் மாதிரி வேண்டும்" என்று ஒருவர் சொன்னார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் நடத்தும் அந்த யூடியூப் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அது நல்ல மாதிரிதான். ஆனால் அதில் எது வேண்டும்? வயல்வெளியா, பெரிய அண்டாவா, எல்லோரும் சேர்ந்து கூவுவதா? விசாரித்தால் அவர் விரும்பியது, ஒவ்வொரு பொருளையும் கையில் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்கிறார்களே, அதை மட்டுமே. ஆகவே மாதிரியின் இணைப்பு, எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடி, அதில் பிடித்தது எது, வேண்டாதது எது என்ற நான்கையும் எழுத வேண்டும். இரண்டு மூன்று மாதிரி போதும். அவற்றோடு "இப்படி இருக்கவே கூடாது" என்று ஒன்றும் சேர்த்தால் நலம். எங்களில் மூத்தவர் ஒருவர், சென்னைத் தொலைக்காட்சியின் "வயலும் வாழ்வும்" நிகழ்ச்சிபோல் நிதானமாக வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயமே, ஆனால் அந்த எடிட்டர் பிறப்பதற்கு முந்தைய நிகழ்ச்சி அது. அவர் போட்டுப் பார்க்கக் கூடியதாக இருந்தால்தான் மாதிரி.

இசைக்கு வருவோம். சினிமாப் பாட்டு வேண்டாம் என்பது எங்கள் ரசனை மட்டுமல்ல, சட்டமும்கூட. பாட்டின் உரிமை இசை நிறுவனத்திடமோ மற்ற உரிமையாளரிடமோ இருக்கும். நம் கடை விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்த அவர்கள் அனுமதி வேண்டும். யூடியூபில் ஏற்றினால் அங்குள்ள இயந்திரமே பாட்டை அடையாளம் கண்டு, உரிமையாளர் விருப்பப்படி வீடியோவை முடக்கவோ, விளம்பர வருமானத்தை அவருக்குத் திருப்பவோ செய்யும். வாட்ஸ்அப்பில் யாரும் பிடிப்பதில்லை என்பதால் உரிமை நமக்கு வந்துவிடாது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் இசையமைத்தவர் பெயரைப் போட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எடிட்டர் எங்கிருந்து இசை எடுத்தார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

இசை ரசனையை எப்படி எழுதுவது? "இனிமையாக" என்பது போதாது. நாங்கள் எழுதியது: "புல்லாங்குழல் அல்லது கிடார், ஒரே வாத்தியம் போதும். நடந்து போகும் வேகம், ஓடும் வேகமல்ல. நாதஸ்வரம் வேண்டாம், கல்யாண வீடியோ ஆகிவிடும். பேச்சு வரும்போது இசை தணிய வேண்டும். நண்டை அழுத்தும் 12 நொடியும் இசையே கூடாது. கூடையில் நண்டு உரசும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும்." அந்தச் சத்தம் உயிர்ச்சரக்கு என்பதற்குச் சாட்சி. எந்த வாத்தியமும் அதற்கு ஈடாகாது.

திருத்தத்துக்கு எல்லை வைப்பதை எடிட்டருக்கு மட்டுமே சாதகம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. எல்லை இருந்தால்தான் நாமும் யோசித்துச் சொல்வோம். ஏழு முறை திருத்தம் போன கதையில், ஒரு நாள் மகன் சொன்னார், மறுநாள் மருமகன் சொன்னார், இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண். ஆகவே இரண்டு சுற்று என்று வைத்தோம். ஒரு சுற்று என்றால், வீடியோ வந்த மூன்று நாளுக்குள், வீட்டில் எல்லோரிடமும் கேட்டு, ஒருவர் மட்டும் ஒரே தாளில் எழுதி அனுப்பும் பட்டியல். எடிட்டர் முதலில் காட்சி வரிசையை மட்டும் இசையின்றிக் காட்ட வேண்டும். முதல் சுற்று அதற்கு. இசையும் எழுத்தும் சேர்ந்த பிறகு இரண்டாவது சுற்று.

எழுத்துப் பிழை, குறிப்பில் இருந்து விட்டுப்போன காட்சி ஆகியவை எடிட்டரின் தவறு. அவை சுற்றுக் கணக்கில் சேரா. புதிதாக எடுத்த படத்தைச் சேர்ப்பதும் நீளத்தை மாற்றுவதும் நம் மனமாற்றம். அவற்றுக்குத் தனிக் கூலி, அது எவ்வளவு என்பதும் முன்பே பேசியாக வேண்டும். பாதிப் பணம் முன்பணமாகவும் மீதி இறுதி வீடியோ கைக்கு வரும்போதும் என்று முடிவாயிற்று. காப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படம் தயாரிக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் எடிட்டரின் கம்ப்யூட்டரில் இருக்கும் வேலைக் கோப்பு வேண்டுமென்றால் அதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். போன் நம்பர் மாறும் நாளில் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது சுற்றில் நம் உறுப்பினர் அனுப்பிய பட்டியல் நான்கே வரி. 0:09இல் ஏரிக்கரைக் காட்சியில் பக்கத்துக்காரர் படகின் பெயர் தெரிகிறது, வேறு துண்டு போடவும். 0:23இல் விரல் எடுப்பதற்கு முன் வெட்டியிருக்கிறது, ஒரு நொடி நீட்டவும். 0:38இல் தராசு எண் மங்கலாக இருக்கிறது, 14ஆம் துண்டைப் போடவும். கடைசி எழுத்தில் "மொத்த வியாபாரம்" என்பதில் ஒற்று மிகுந்திருக்கிறது, எடுக்கவும். ஒற்றுப் பிழை கணக்கில் சேரவில்லை. மற்ற மூன்றும் மறுநாள் மாலைக்குள் முடிந்து, மீதிப் பணமும் அன்றே போயிற்று. பூநாரை அதில் இல்லை. அதற்காக நம் உறுப்பினரின் பேத்தி மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறாள்.