இது எப்படி வந்தது?

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் என் மகன், "பௌத்தத்தில் கடவுளும் கிடையாது, சடங்கும் கிடையாது, அது மதமல்ல, அறிவியல்" என்கிறான். இலங்கைக்குப் போனபோது நான் பார்த்தது விளக்கும் பூவும் பிரித் நூலும்தான். அவன் சொல்லும் பௌத்தம் எங்கிருந்து வந்தது?
*வாசகி, கும்பகோணம்*

உங்கள் மகன் சொல்வதற்குப் பல வேர்கள் உண்டு. அவற்றில் தடித்த ஒன்று, 1881இல் கொழும்பில் அச்சான ஒரு சின்னப் புத்தகம். பெயர் 'பௌத்த வினாவிடை'. எழுதியவர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்ற அமெரிக்கர். கேள்வி-பதில் பகுதியில் ஒரு கேள்வி-பதில் புத்தகத்தின் கதையைச் சொல்ல நேர்வது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆல்காட் சாமியார் அல்ல, வக்கீல். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தில் நடந்த ஊழல்களைத் துருவிக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். 'கர்னல்' பட்டம் அப்படி வந்ததுதான். பிறகு ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன கூட்டங்களை ஆராயப் போன இடத்தில் ரஷ்யப் பேரரசில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். 1875இல் நியூயார்க்கில் இருவரும் சிலரைச் சேர்த்துக்கொண்டு பிரம்மஞான சபையை ஆரம்பித்தார்கள். எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ரகசிய ஞானம் ஓடுகிறது, அது கிழக்கில்தான் பத்திரமாக இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 1879இல் பம்பாய்க்கு வந்து, 1882 முதல் சென்னை அடையாறில் நிலைத்துவிட்டார்கள்.

இவர்கள் வருவதற்கு முன்பே இலங்கையில் சண்டை சூடுபிடித்திருந்தது. 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவ உபதேசிகளும் இரண்டு நாள் மேடை போட்டு வாதாடினார்கள். அந்த வாதம் ஆங்கிலத்தில் அச்சாகி அமெரிக்காவரை போனது. அதைப் படித்துத்தான் ஆல்காட் குணானந்தருக்குக் கடிதம் எழுதினார். ஆக, வெள்ளைக்காரர் வந்து உறங்கிக் கிடந்தவர்களை எழுப்பினார் என்று சொல்வது சரியில்லை. அவர்கள் விழித்து, எழுந்து, சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1880 மே மாதம் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் காலியில் வெளிப்படையாகப் பஞ்சசீலம் ஏற்றபோது, கிறிஸ்தவத்தை விட்டு வரும் வெள்ளையர் இருவர் பிக்குகளின் பக்கத்துக்குச் சாட்சியாகக் கிடைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட ஆல்காட் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றினார். புத்தர் என்ன போதித்தார் என்று கேட்டால் ஜனங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது அவர் கண்ட குறை. அவர் தேடியது ஏட்டில் இருக்கும் போதனையை. ஜனங்களிடம் இருந்தது போயா தினமும் தானமும் போதிமரமும். மிஷன் பள்ளிகளில் பிள்ளைகள் ஞானோபதேச வினாவிடையை மனப்பாடம் செய்வதைப் பார்த்தவர், அதே அச்சில் பௌத்தத்தை வார்த்துவிட்டார்.

அவருக்குப் பாலி தெரியாது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வந்த மொழிபெயர்ப்புகளைப் பல்லாயிரம் பக்கம் படித்துத்தான் எழுதினார். அப்படி எழுதியதை வித்யோதய பிரிவேனாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரர், இன்னொரு தேரரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தார். எல்லாம் சுமுகமாகப் போய், நிர்வாணம் என்ற இடத்தில் வந்து நின்றது. நிர்வாணம் அடைந்தபின் ஏதாவது ஒன்று மிஞ்சுகிறதா என்பதில் பௌத்த அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று ஆல்காட் எழுதியிருந்தார். அப்படி ஒரு வேறுபாடே கிடையாது என்றார் சுமங்கலர். திபெத்தியர், சீனர், ஜப்பானியர் என்று ஆல்காட் அடுக்கிப் பார்த்தார். மாற்றாவிட்டால் நற்சான்று கிடையாது என்று பதில் வந்தது. நற்சான்று இல்லாமல் எந்தப் பௌத்த வீட்டிலும் புத்தகம் நுழையாது என்று ஆல்காட்டுக்குத் தெரியும். அந்தப் பகுதியை அடித்துவிட்டார்.

என் கணக்கில் முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எலும்பும் அச்சும் ஆல்காட்டுடையவை; எது உள்ளே போகலாம் என்ற அதிகாரம் சுமங்கலருடையது. நல்ல நேரம் பார்ப்பது, பேயாட்டம் ஆடுவது எல்லாம் பௌத்தத்துக்குப் புறம்பானவை, வேறு மதங்களிலிருந்து ஒட்டிக்கொண்டவை என்று புத்தகம் ஒதுக்கியது. புத்தர் கடவுளா என்றால் இல்லை என்றது. பிந்திய பதிப்புகளில் பௌத்தமும் அறிவியலும் பற்றித் தனிப் பகுதியே சேர்ந்தது. புத்தகம் இருபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போயிற்று. ஐரோப்பாவில் அதைக் கையில் எடுத்தவர், கொழும்புத் தேரரின் நற்சான்று முன்னால் இருக்கக் கண்டு, ஆதி பௌத்தம் இதுதான் என்று எடுத்துக்கொண்டார். மிஷனரிகள் சித்தரித்த விக்கிரக வழிபாடு எங்கே, இந்தச் சுத்தமான தர்க்கம் எங்கே!

இதை மேலை நாட்டு மேடையில் கொண்டுபோய் வைத்தவர் ஆல்காட்டின் சீடராக வளர்ந்த அனகாரிக தர்மபால. 1893 செப்டம்பரில் சிகாகோ சர்வமத மகாசபையில் விவேகானந்தரைப் போலவே அவரும் பேசினார். அறிவியலோடு மோதாத மதம் பௌத்தம் என்பது அங்கே அவர் வாதம். சபை முடிந்த கையோடு சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற நியூயார்க்காரர் அவரிடம் பஞ்சசீலம் ஏற்றார்.

குருவும் சீடரும் கடைசிவரை ஒட்டியிருக்கவில்லை. கண்டியில் இருக்கும் தந்ததாது மனிதப் பல்லே அல்ல என்ற தொனியில் ஆல்காட் பேசியதை தர்மபாலவால் பொறுக்க முடியவில்லை. எல்லா மதமும் ஒன்று என்ற பிரம்மஞான சபைக் கொள்கையும் அவருக்குக் கசந்தது. 1905 வாக்கில் உறவு முறிந்தது. அறிவியலுக்கு ஒத்துப்போகும் பௌத்தத்தை உலகுக்குச் சொன்னவர், புனிதப் பல்லுக்காக குருவை விட்டார். நீங்கள் பார்த்த விளக்கும் பூவும் அவருக்குப் பௌத்தம்தான். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மறுபிறவியை நம்பும் ஐரோப்பியர்கள், மனிதன் திரும்ப நாயாகவோ பல்லியாகவோ பிறப்பதே இல்லை என்கிறார்களே? நம் புராணங்களில் அப்படி இல்லையே!
*வாசகர், விருதுநகர்*

அதுவும் பெரிதும் பிரம்மஞான சபையின் சரக்குதான். சுவாரசியம் என்னவென்றால், 1877இல் வந்த தன் முதல் பெரிய நூலில், மனிதன் மறுபடி பூமியில் பிறப்பது இயற்கையின் பொதுவிதி அல்ல என்று எழுதியவர் பிளாவட்ஸ்கி. குழந்தையிலேயே இறந்தவர்கள் போன்ற சில விதிவிலக்குகளை மட்டும் ஒப்புக்கொண்டார். இந்தியாவுக்கு வந்தபின் பேச்சு மாறியது. 1888இல் வெளியான 'ரகசிய போதனை' என்ற நூலில் கர்மமும் மறுபிறவியும் நடுத்தூண்கள். முன்பு எழுதியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அவர் சமாளித்தது தனிக்கதை.

அவர் கற்பித்த மறுபிறவியில் டார்வின் காலத்து வாசனை அடிக்கும். உயிர் ஒவ்வொரு பிறவியிலும் பாடம் கற்று, வகுப்பு வகுப்பாக மேலே ஏறும். மனித நிலைக்கு வந்த பிறகு விலங்காக இறங்காது. நம் பக்கத்துச் சமயங்களில் பிறவி ஒரு நோய், அதை அறுக்கத்தான் இத்தனை பாடும். அங்கே அது முன்னேற்றத்துக்குக் கிடைக்கும் வாய்ப்பாகிவிட்டது. உழைத்தால் உயரலாம் என்று நம்பிய நூற்றாண்டுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

கேள்வி: ஆல்காட்டுக்கும் அயோத்திதாசருக்கும் என்ன தொடர்பு?
*வாசகர், சென்னை*

சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு 1894 முதல் இலவசப் பள்ளிகள் நடத்தியவர் ஆல்காட். தங்கள் முன்னோர் பௌத்தர்களே என்ற கோரிக்கையோடு அயோத்திதாசப் பண்டிதர் அவரை அணுகினார். 1898இல் ஆல்காட் அவரைக் கொழும்புக்கு அழைத்துப் போக, நாம் மேலே பார்த்த அதே சுமங்கல தேரரிடம் அவர் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார்.

ஆனால் ஆல்காட்டின் வினாவிடையை அவர் அப்படியே தமிழில் ஒப்பிக்கவில்லை. 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் வாய்மொழி வழக்குகளையும் கொண்டு தனி வரலாறே எழுதினார். பண்டிகைகளுக்குக்கூட அதில் பௌத்த விளக்கம் உண்டு. ஆல்காட் அந்நியச் சரக்கென்று ஒதுக்கிய ஊர் வழக்கங்களைத்தான் அவர் தோண்டிப் பார்த்து, புத்தரை அங்கே கண்டார்.