கரும்பலகை முன் நின்ற ஆசிரியர்

கேள்வி: பெரம்பலூரில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். நோட்டீசுக்காக, கரும்பலகை முன் எடுத்த எங்கள் ஆசிரியரின் படத்தை வெட்டித் தருமாறு அரியலூர் டிசைனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். தலைமுடியோரம் பிசிறடிக்கிறது. எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பதில்: கவலை வேண்டாம், குறை டிசைனரின் கரத்தில் அன்று, படத்தில்தான். கருங்கேசம் கரும்பலகையோடு கலந்துவிடுவதாலும், சாதாரணமாக அனுப்பும் புகைப்படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடுவதாலும், தலை எங்கே முடிகிறதென்று எவருக்கும் புலப்படாது. ஆகையால் ஆசிரியரை வெளிர்நிறச் சுவருக்கு மூன்றடி முன்னே, பகல் வெளிச்சத்தில் நிறுத்திப் புதிதாகப் படமெடுத்து, Document ஆக அனுப்பி, இவ்வாறு எழுதுங்கள்: "தம்பி, ஐயாவை இடுப்புக்கு மேல் மட்டும், பின்னணி நீக்கி PNG கோப்பாகத் தாருங்கள், நோட்டீசில் 3 அங்குல உயரம் வரும்." JPG ஆக வாங்கினால் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டமும் ஒட்டிக்கொண்டு வரும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமாதலால், ஆசிரியரின் உருவம் மட்டுமே 900 புள்ளி உயரமேனும் இருத்தல் அவசியம்.